முதல் இன்ஸ்டன்ட் கேமரா: காஞ்சிபுரத்துல 10 படம் எடுக்க எவ்வளவு செலவாகும்? எப்படி வரும்?

இன்ஸ்டாக்ஸ் மினி கேமராவை ஒரு தடவை வாங்கிவிடலாம். செலவு நிற்காமல் போவது பிலிமில்தான். ஒரு பாக்கெட்டில் 10 ஷீட். அது 550 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு படம் 55 ரூபாய். புதுசா பழகும்போது நான்கு வீணானால், தேறிய ஆறும் தலா 90 ரூபாயைத் தாண்டிவிடும்.

எது வீணாகும்? ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரம் 190 அடிக்கு மேல். படத்தின் நீளமோ 6.2 சென்டிமீட்டர். முழுக் கோபுரமும் அடங்க சுமார் 60 மீட்டர் பின்னால் போகணும். அங்கிருந்து எடுத்தால் ஆள் உயரச் சிலைகூட 2 மில்லிமீட்டருக்குள் சுருங்கிவிடும். கோபுரம் தெரியும், சிற்பம் தெரியாது. மதிய வெயிலில் பின்னணி வானமும் வெளுத்துப்போகும்.

அதே கோபுரத்தைப் பின்னால் வைத்து, ஒன்றரை மீட்டரில் ஒருவரை நிறுத்தினால் முகம் நன்றாகவே வரும். பிளாஷ் எட்டுவது சுமார் 2.7 மீட்டர்தான். பட்டுப்புடவை கட்டியவரை நேருக்கு நேர் எடுத்தால் ஜரிகை பிளாஷில் வெள்ளையாகத் தெறிக்கும். கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லுங்க.

படம் தெளிய ஒன்றரை நிமிடம் ஆகும், உதற வேண்டாம். பாக்கெட் முடியும் முன் பின்கதவைத் திறந்தால் மிச்ச ஷீட்டில் வெளிச்சம் பட்டு, வெள்ளைத் திட்டுகளாகத்தான் வரும்.

36 படம் தரும் 35 எம்எம் ரோலில் கழுவ, ஸ்கேன் செய்ய தனிச் செலவு உண்டு. தப்பு தெரிவதும் அப்போதுதான்.