ஒட்டடைக் கம்பு போன வழி

நம்மூர்த் துடைப்பத்துக்குக் கம்பு கிடையாது. ஈர்க்குக் கட்டை ஒரு கையில் பிடித்துக் குனிந்துதான் பெருக்க வேண்டும். அதனால், பளு தூக்குதலைத் துடைப்பக் கம்பில் தொடங்கச் சொல்லும் வழக்கம் கத்திவாக்கத்துக்கு வந்தபோது, கைக்குக் கிடைத்தது பரணில் கிடந்த ஒட்டடைக் கம்பு. நுனியில் இருந்த நார் எப்போதோ கொட்டிவிட்டது. மூங்கிலை ஐந்தடிக்கு அறுத்து, கணுக்கள் கையைக் கீறாமலிருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன்.

மொட்டை மாடிக்கு வந்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார்கள். "மாஸ்டர், சிலம்பமா கத்துத் தரப்போறீங்க?" என்று கேட்டான் ஒருத்தன். டோக்கியோவில் வெள்ளி வாங்கிய மீராபாய் சானுவும் மணிப்பூரில் தொடக்கத்தில் மூங்கிலைத்தான் பார்பெல்லாகத் தூக்கினார் என்றேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் கம்பை வாங்கிக்கொண்டான்.

முதலில் கம்பு அவன் முதுகுக்குப் போனது. பின்மண்டை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே வால் எலும்பு ஆகிய மூன்று இடத்திலும் பட்டபடி நிற்க வேண்டும். பிறகு முழங்காலைச் சற்றே தளர்த்தி, பின்னால் உள்ள சுவரைப் புட்டத்தால் தொடப்போவதுபோலக் குனிய வேண்டும். வால் எலும்பை விட்டுக் கம்பு எழும்பினால் கீழ்முதுகு வளைகிறது என்று பொருள். மண்டையை விட்டு விலகினால் கழுத்து முன்னே நீள்கிறது. நான் சொல்வதற்கு முன்பே கம்பு அவனிடம் சொல்லிவிடும். இந்த ஒரு குனிதலுக்கே இரண்டு வாரம் ஆனது.

அடுத்துக் கம்பு தரைக்கு இறங்கியது, ஆனால் தரையைத் தொடவில்லை. போட்டித் தட்டின் விட்டம் 45 செ.மீ. ஆகவே உண்மையான பார், தரையிலிருந்து அதில் பாதி உயரத்தில், 22.5 செ.மீ.யில் இருக்கும். செங்கல்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் கிட்டத்தட்ட அந்த ஒன்பது அங்குலம் வந்துவிடும். இரண்டு செங்கல் மேல் கம்பை வைத்தேன். வெறுந்தரையில் கிடக்கும் கம்பை எடுத்துப் பழகினால், எந்தப் போட்டியிலும் வராத குனிதல் ஒன்று உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

சிலம்பம் கேட்ட பையனின் கோளாறு இங்கேதான் வெளிப்பட்டது. அவன் வலை இழுத்து வளர்ந்தவன். எதையும் கையால்தான் இழுப்பான். ஸ்நாட்சில் கம்பை அகலமாகப் பிடித்து, கால் நிமிர்ந்து இடுப்பு விரியும்வரை முழங்கையை நீட்டியே வைத்திருக்க வேண்டும். அதுவரை கை வெறும் கயிறு. அவனோ முழங்கால் உயரத்திலேயே முழங்கையை மடக்கிவிடுவான். கம்பு உடம்பை விட்டு முன்னே வளைந்து போகும். கையில் எடை இல்லாததால் அது தலைக்கு மேல் போய்ச் சேர்ந்தும்விடும். அதனால் தான் செய்வது சரி என்றே நினைத்தான். கம்பிடம் இருக்கும் பெரிய ஏமாற்று இதுதான்: இருபது கிலோ பார் மன்னிக்காத தப்பை அது மன்னித்துவிடும்.

கம்பின் நடுவில் சாக்பீஸ் தூளைப் பூசி, கறுப்பு டிராயர் போட்டு வரச் சொன்னேன். இடுப்பு மடிப்பில் வெள்ளைக் கோடு விழ வேண்டும். ஐந்து முறை தூக்கினான். டிராயர் சுத்தமாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம் ஒரு துண்டைக் கொடுத்தேன். அதைக் கம்பில் மாட்டி, எதிரே நின்று மெதுவாகத் தன் பக்கம் இழுத்தாள். அவன் கையை மடக்காமல், அக்குளுக்குக் கீழுள்ள சதையை இறுக்கிக் கம்பைத் தொடையோடு சேர்த்து வைக்க வேண்டியிருந்தது. எடையில்லாத கம்புக்கு அப்படி ஓர் எடை வந்தது. துண்டை எடுத்ததும் நான்காம் தூக்கில் டிராயரில் கோடு விழுந்தது. குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து தூக்கிலும் கோடு ஒரே இடத்தில் விழுந்த வாரத்தோடு கம்பை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் வைத்திருந்தால், எடை எதிர்த்து அழுத்தாமலே பழகிவிடுவார்கள். அடுத்து வந்தது பெண்கள் போட்டிக்கான 15 கிலோ வெறும் பார். முதல் நாள் அதுவும் முன்னே ஓடியது, மறுபடி சாக்பீஸ் பூசினோம். பிறகுதான் தட்டு. எடை ஐந்து கிலோதான் என்றாலும் விட்டம் அதே 45 செ.மீ. உள்ள ரப்பர்த் தட்டு. சின்ன இரும்புத் தட்டு மாட்டினால் பார் தாழ்ந்து, மறுபடி செங்கல் தேட வேண்டிவரும்.

போகிக்கு முந்தின வாரம் அம்மா கம்பைக் கேட்டார். புது நார் கட்டிக் கொடுத்தேன். ஐந்தடியாகிவிட்டதால் கூரை மூலைக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறித்தான் ஒட்டடை அடித்தார். இறங்கியதும் உள்ளங்கையைக் காட்டி, "இது என்னடா வெள்ளையா?" என்றார்.