அவிச்ச கச்சானும் வறுத்த கச்சானும்: ஒரு சின்ன வரலாறு

நாங்கள் கச்சான் என்கிறோம். சிங்களத்தில் அது 'ரட்ட கஜு', அதாவது பிறநாட்டுக் கஜு. தமிழ்நாட்டின் சில பகுதிகளில் மணிலாக்கொட்டை என்பார்கள். மலாய் மொழியில் பயறு, கடலை வகைகளுக்கு 'கச்சாங்' என்று பெயர். இந்தப் பெயர்களைப் பார்த்தாலே இது வெளியில் இருந்து வந்த பயிர் என்பது விளங்கும்.

அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. பொலிவியாவும் வட ஆர்ஜென்டினாவும் சேரும் பக்கத்தில் இரண்டு காட்டு இனங்கள் கலந்து உண்டான செடி இது. 1987இல் பெருவில் சிபான் என்ற இடத்தில் மொச்சே மக்களின் தலைவர் ஒருவரின் கல்லறையைத் தோண்டியபோது, கச்சான் கோது வடிவத்தில் தங்கத்தாலும் வெள்ளியாலும் செய்த மாலை கிடைத்தது. கொலம்பஸ் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய மாலை அது. பிறகு போர்த்துக்கேயரும் ஸ்பானியரும் கச்சானைக் கப்பலில் ஏற்றினார்கள். 1565இல் இருந்து மெக்சிகோவுக்கும் மணிலாவுக்கும் இடையில் ஓடிய ஸ்பானியக் கப்பல்களை நினைத்தால் மணிலாக்கொட்டை என்ற பெயர் விளங்கும்.

கப்பலேறியது காய்ந்த கச்சான்தான். பிடுங்கிய பச்சைக் கச்சானில் ஈரம் அதிகம். இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும். அதனால் வறுத்த கச்சான் சந்தைக்கும் தூர ஊருக்கும் போனது, அவிச்ச கச்சான் வயலுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. செடியோடு சேர்ந்து அவிக்கும் பழக்கமும் ஊர் ஊராகப் போனது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் 2006இல் அவிச்ச கச்சானைத் தன் அதிகாரபூர்வச் சிற்றுண்டியாகவே அறிவித்தது.

அவிப்பதற்கு, பிடுங்கி ஓரிரு நாளுக்குள் உள்ள கச்சான் ஒரு கிலோ எடுங்கள். மண் போகும்வரை நாலைந்து தண்ணீரில் கழுவி, வெடித்ததையும் கறுத்ததையும் முளைத்ததையும் எறிந்துவிடுங்கள். மூன்று லீற்றர் தண்ணீருக்கு நான்கு மேசைக்கரண்டி உப்பு போடுங்கள். கோதுக்குள் காற்று இருப்பதால் கச்சான் மிதக்கும். மேலே ஒரு தட்டை வைத்து அமுக்குங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் கொதித்த பின் ஒன்றை உடைத்துப் பாருங்கள். பருப்பு அவிச்ச பயறு போல மெத்தென்று இருக்க வேண்டும். பலர் இந்த இடத்தில் உடனே வடித்துவிட்டு, உள்ளே உப்பே இல்லை என்பார்கள். அடுப்பை அணைத்து, அதே தண்ணீரில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். சூடு குறையக் குறையத்தான் கோது உப்புத் தண்ணீரை நன்றாக உள்ளே இழுக்கும். வெளியில் வைத்தால் அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும்.

வறுப்பது வேறு கதை. சூடு தாச்சியின் அடியில் மட்டும் இருப்பதால் கடலையின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் பச்சையாக இருக்கும். கச்சான்காரர் மணலில் வறுப்பது இதற்காகத்தான்: சூடான மணல் கடலையைச் சுற்றிலும் தொடும். வீட்டில் மணல் இல்லாவிட்டால் அடி தடித்த தாச்சியில், ஒரே அளவான கடலையை, ஒரு அடுக்குக்கு மேல் போகாமல் போட்டு, சிறு நெருப்பில் கை நிறுத்தாமல் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் கிளறுங்கள். தோல் வெடிக்கும் சத்தம் கேட்டதும் ஒன்றைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளை போய் இளம் பொன்னிறம் வந்தால் இறக்கலாம். கடலையில் எண்ணெய் இருப்பதால் இறக்கிய பிறகும் உள்ளே வெந்துகொண்டே இருக்கும். தாச்சியில் விடாமல் சுளகில் பரப்புங்கள். மொறுமொறுப்பு ஆறிய பின்தான் வரும். சூட்டில் கடித்துப் பார்த்து இன்னும் வறுத்தால் கசந்துவிடும்.

ஒன்றை மட்டும் இரண்டு முறைகளாலும் சரிசெய்ய முடியாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலில் இருந்து வந்த கச்சான் புண்ணாக்கில் வளர்ந்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சுதான் காரணம் என்று பிறகு கண்டுபிடித்தார்கள். அஃப்ளடொக்சின் என்ற அந்த நஞ்சு ஈரலைப் பாதிக்கும். அவித்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. சரியாகக் காயாமல் மூட்டை கட்டிய கச்சானில் அது எளிதில் வரும். ஆகவே சுருங்கியது, நிறம் மாறியது, பச்சைத் தூள் படிந்தது எல்லாவற்றையும் அடுப்பில் வைக்கும் முன்பே பொறுக்கி எறியுங்கள். வாயில் கசந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள். பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுங்கள்.

உங்கள் ஊரில் கச்சானுக்கு வேறு பெயர் இருந்தால் கீழே எழுதுங்கள்.