உடல்நலக் காப்பீடு: வடசென்னைத் தொழிலாளர்களுக்கான வினா விடை

முன்கூட்டியே கட்டும் சிறு தொகைக்கு ஈடாக, நோய் வரும்போது ஏற்படும் பெரிய செலவை ஓர் அமைப்பு ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடே உடல்நலக் காப்பீடு. ராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதியில் இது பெரும்பாலும் மூன்று வடிவங்களில் மக்களை எட்டுகிறது. ஆலைத் தொழிலாளிக்குத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். மற்றவர்களுக்குப் பணம் கட்டி வாங்கும் பாலிசி.

ஒரு திட்டம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடைவெளியில்தான் பல குடும்பங்கள் கடனில் விழுகின்றன. இங்கே தொகுப்பாளரும் ஆலையில் வேலை செய்யும் நண்பரும் பேசுவது அந்த இடைவெளியைப் பற்றி. சம்பளமும் மருத்துவமனைக் கணக்கும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. விதிகள் நடைமுறையில் உள்ளவை.

நண்பர்: அண்ணே, ஜூன் மாசம் இன்கிரிமென்ட் வந்துச்சு. 20,500 வாங்கிட்டிருந்தேன், இப்போ 22,400. இனிமே ஈ.எஸ்.ஐ. கிடையாதுன்னு ஷாப்ல சொல்றாங்க. உடனே நின்னுடுமா?

தொகுப்பாளர்: உடனே நிக்காது தம்பி. 2017 ஜனவரியிலிருந்து மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். ஓவர்டைம் காசு அந்த வரம்புக் கணக்குல சேராது. ஆனா உனக்கு ஏறினது சம்பளமே, அதனால நீ வரம்பைத் தாண்டிட்ட. இருந்தாலும் சந்தாக் காலம்னு ஒண்ணு இருக்கு: ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரை ஒண்ணு, அக்டோபர்லேருந்து மார்ச் வரை இன்னொண்ணு. நடுவுல சம்பளம் ஏறினாலும் அந்தக் காலம் முடியுற வரைக்கும் பிடித்தம் தொடரணும். உன் சம்பளத்துல நூத்துக்கு முக்கால் ரூபா, கம்பெனி பங்கா மூணேகால் ரூபா, செப்டம்பர் வரை போகும்.

நண்பர்: அப்போ அக்டோபர்ல வைத்தியம் நின்னுடும்?

தொகுப்பாளர்: இல்ல. இங்கதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. கட்டின காசுக்கான பலன் பிந்தி வரும். போன அக்டோபர்லேருந்து மார்ச் வரை கட்டினதுக்கு இந்த ஜூலையிலிருந்து டிசம்பர் வரை பலன். ஏப்ரல்லேருந்து செப்டம்பர் வரை கட்டினதுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து ஜூன் வரை. ஆறு மாசத்துல குறைஞ்சது 78 நாளுக்குச் சந்தா போயிருக்கணும், அவ்வளவுதான். உனக்கும் வீட்டுக்காரங்களுக்கும் அடுத்த வருஷம் ஜூன் 30 வரைக்கும் மருந்தகமும் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் உண்டு. பெரிய உயர்சிறப்புச் சிகிச்சைக்கு மட்டும் தனித் தகுதி விதி இருக்கு, அதை மருந்தகத்துலயே கேட்டுக்கோ.

நண்பர்: கிட்டத்தட்ட ஒரு வருஷம் இருக்கே! அப்போ அடுத்த ஜூன்ல ஒரு பாலிசி எடுத்துட்டா போதும்.

தொகுப்பாளர்: அப்படிச் செஞ்சா அந்த ஒரு வருஷம் வீண். பாலிசி எடுத்த முதல் 30 நாளைக்கு விபத்தைத் தவிர எதுக்கும் பணம் வராது. குடலிறக்கம், கண்புரை மாதிரி பட்டியல்ல இருக்கிற நோய்களுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் காத்திருக்கணும். உன் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை இருக்குன்னு சொன்னியே?

நண்பர்: ஆமாண்ணே, மூணு வருஷமா மாத்திரை சாப்பிடுறா.

தொகுப்பாளர்: ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் மூணு வருஷம். 2024-க்கு முன்னாடி அது நாலு வருஷமா இருந்துச்சு. நீ இந்த ஜூலையிலேயே எடுத்தா, ஈ.எஸ்.ஐ. உயிரோட இருக்கும்போதே முதல் வருஷம் ஓடிடும். மிச்சம் ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷத்துல சர்க்கரையால வர்ற தொந்தரவுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கு. மத்த நோய்க்கு பாலிசி நிக்கும்.

நண்பர்: சர்க்கரையை எழுதாம விட்டா காத்திருக்க வேணாம்னு ஏஜென்ட் சொல்றாரே?

தொகுப்பாளர்: கேக்காத. ஆஸ்பத்திரி குறிப்புல டாக்டர் முதல் வரியே எழுதுவார்: எத்தனை வருஷமா சர்க்கரை, என்ன மாத்திரை. அதைப் பார்த்ததும் கம்பெனி பணத்தை மறுக்கும், பாலிசியையே ரத்து பண்ணவும் செய்யும். விண்ணப்பத்தை நீயே படிச்சு, நீயே நிரப்பு.

நண்பர்: சரி. அஞ்சு லட்சம், ரெண்டு லட்சம்னு சொல்றாங்களே, அந்தத் தொகை வரைக்கும் முழுசா குடுத்துடுவாங்களா?

தொகுப்பாளர்: அறை வாடகையைப் பார்க்காம பதில் சொல்ல முடியாது. 2020-ல் வந்த ஆரோக்ய சஞ்சீவனியை எடுத்துக்கோ. எல்லாக் கம்பெனியும் ஒரே விதியில விக்கிற பாலிசி. அதுல ஒரு நாள் வாடகை காப்பீட்டுத் தொகையில ரெண்டு சதவீதம், அதுவும் 5,000-க்கு மேல கிடையாது. ரெண்டு லட்சம் பாலிசின்னா ஒரு நாளைக்கு 4,000. நீ 6,000 ரூபா அறையில அஞ்சு நாள் இருந்தன்னு வை.

நண்பர்: கூட இருக்கிற 2,000-ஐ நான் கட்டிட்டுப் போறேன். அஞ்சு நாளைக்குப் பத்தாயிரம்.

தொகுப்பாளர்: அதோட முடியாது. பெரிய அறைக்கு டாக்டர் ஃபீஸும் ஆப்பரேஷன் கட்டணமும் சேர்ந்தே ஏறுற ஆஸ்பத்திரியில, அதையும் அதே விகிதத்துல வெட்டுவாங்க. 6,000-க்கு 4,000, மூணுல ரெண்டு பங்கு. வாடகை 30,000-ல் 20,000 வரும். டாக்டர், நர்ஸ், ஆப்பரேஷன் கட்டணம் 60,000-ல் 40,000 வரும். மருந்தும் டெஸ்ட்டும் 40,000-ன்னா அதுல வெட்டு இல்ல. மொத்தம் ஒரு லட்சம். அதுலயும் அஞ்சு சதவீதம் உன் பங்கு, 5,000 போகும். 1,30,000 பில்லுக்கு 95,000 வரும், 35,000 உன் கையிலேருந்து.

நண்பர்: 4,000 ரூபா அறையிலேயே இருந்திருந்தா?

தொகுப்பாளர்: மத்த கட்டணமும் சின்ன அறைக்கு ஏத்தபடி குறைஞ்சு, அந்த அஞ்சு சதவீதமும் பாலிசியில சேராத சில்லறைச் செலவும் மட்டும்தான் உன்மேல விழும். அதனால அட்மிஷன் போடும்போதே இன்சூரன்ஸ் டெஸ்க்ல, "என் பாலிசிக்கு எத்தனை ரூபா அறை வரைக்கும்?"னு கேட்டுட்டு அறையை எடு.

நண்பர்: காசிமேட்டுல மீன் பிடிக்கப் போற என் மச்சானுக்கு இதெல்லாம் வேணுமா?

தொகுப்பாளர்: வருமானச் சான்று 1,20,000-க்குள்ள இருந்தா முதல்ல அரசுத் திட்டத்துல சேரட்டும். பிரீமியத்தை அரசே கட்டுது. பட்டியல்ல உள்ள சிகிச்சைக்கு வருஷம் குடும்பத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் உண்டு. ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று மூணும் வேணும். காய்ச்சலுக்கு வெளிநோயாளியா காட்டுறது அதுல வராது.

வேறு வழிகளும் உண்டு. வரம்பைத் தாண்டியவர்களுக்குச் சில ஆலைகள் குழுக் காப்பீடு தருகின்றன. வேலையை விட்டால் அதுவும் போய்விடும் என்பதால், சொந்தப் பாலிசி இல்லாமல் அதை மட்டும் நம்புவது சரியல்ல. புதிய பாலிசி கைக்கு வந்ததும் அறை வாடகை, காத்திருப்புக் காலம், பதிவான நோய்கள் ஆகிய மூன்றையும் சரிபார்க்க வேண்டும். தவறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். பணம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.