உச்ச சுவாச அளவும் நடுவெளிமூச்சு வேகமும்

ஸ்பைரோமெட்ரி பரிசோதனை பலமாக ஊதிய ஒரே மூச்சைக் கொண்டு நுரையீரலை மதிப்பிட, நோயாளியை 12 விநாடி ஆழமாகவும் விரைவாகவும் இடைவிடாது சுவாசிக்கச் செய்து, வெளிவந்த காற்றை ஐந்தால் பெருக்கி நிமிடக் கணக்காக்கும் உச்ச சுவாச அளவோ, சுவாசத் தசைகளின் சகிப்புத்திறனையும் வெளிப்படுத்துகிறது. முதல் விநாடியில் 3 லிட்டர் ஊதுபவரிடம் அதன் நாற்பது மடங்காகிய சுமார் 120 லிட்டர் எதிர்பார்க்கப்படும். 70 மட்டுமே கிட்டி, அவர் மனமொன்றி முயன்றார் என்பதும் நிச்சயமானால், தசைப் பலவீனத்தையோ மூச்சுக்குழலின் மேற்பகுதி அடைப்பையோ சந்தேகிக்க வேண்டும்.

வெளிமூச்சின் நடுப்பாதியில் காற்று செல்லும் சராசரி வேகம், சிறு சுவாசக்கிளைகளின் நோயை முன்கூட்டியே காட்டுமென்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆயினும் ஆரோக்கியமானவர்களிடையேயும் அது பெரிதும் வேறுபடுவதாலும், முழுவதும் ஊதாமல் நிறுத்தினால் பொய்யாக உயர்வதாலும், அதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு நோயை நிர்ணயிப்பது தகாது.