வீழ்படிவைக் கணித்தலும் நிகர அயனிச் சமன்பாடும்

இரண்டு உப்புக் கரைசல்களைக் கலக்கும்போது கரையாத திண்மம் ஒன்று பிரிந்து வந்தால் அதற்கு வீழ்படிவு என்று பெயர். எது படியும் என்பதைக் கரைதிறன் விதிகள் முன்கூட்டியே சொல்கின்றன. உண்மையில் வினைபுரிந்த அயனிகளை மட்டும் காட்டுவது நிகர அயனிச் சமன்பாடு. விதிகளைத் தனியொருவர் கண்டுபிடிக்கவில்லை; ஆய்வுமேசையில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் திரட்டியவை அவை. அவற்றுக்கான விளக்கம் வெகுகாலம் கழித்தே கிடைத்தது.

இந்த வரலாற்றின் நல்ல சாட்சி வெள்ளி. பழைய புடமுறையில் நாணய வெள்ளியைச் சோதித்தபோது உலோகம் சிறிது வீணாகி, தரம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் 1832இல் வேறு வழியை வெளியிட்டார். நாணயத் துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, 100 மில்லிலிட்டருக்குச் சரியாக 1 கிராம் வெள்ளி படியும்படி தயாரித்த உப்புக் கரைசலை அதில் சேர்த்தார். பால்போல் கலங்கிய நீரைக் குப்பியோடு பலமாகக் குலுக்கினால் வெண்மை தயிர்க்கட்டிகளாகத் திரண்டு இறங்கும். மேலே தெளிந்த நீர் நிற்கும். பிறகு பத்து மடங்கு நீர்த்த உப்புக் கரைசலைச் சிறிது சிறிதாக விடுவார்கள். கலங்கல் தோன்றாத நிலையில் வெள்ளி முழுதும் படிந்துவிட்டது. நாணயத்தில் கலந்திருந்த செம்போ நீலநிறமாக நீரிலேயே தங்கிவிடும். பிற்காலத்தில் 'பார்வையாளர் அயனி' என்று பெயர் பெற்றது எது என்பதை அந்தக் குப்பியின் நிறமே காட்டியது.

ஆனால் அன்றைய வேதியியலாளர்கள் இதை உப்புகளின் இணைமாற்றமாகவே எழுதினார்கள்:

AgNO₃ + NaCl → AgCl + NaNO₃

இதில் ஒரு நெருடல் இருந்தது. வீழ்படிவு தராத இரண்டு நடுநிலை உப்புகளின் நீர்த்த கரைசல்களைக் கலந்தால் வெப்பநிலை அநேகமாக மாறுவதே இல்லை என்று 1840களின் தொடக்கத்தில் ஹெஸ் கண்டார். புது உப்புகள் உருவாகியிருந்தால் வெப்பம் சற்றாவது கூடவோ குறையவோ வேண்டாமா? 1887இல் சுவீடனின் அரீனியஸ் தந்த அயனிப் பிரிகைக் கொள்கை இதற்கு விடை சொன்னது. உப்பு நீரில் கரைந்தபோதே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஆகவே அங்கே மாற்றிக்கொள்ள இணையே இல்லை. 1889இல் நெர்ன்ஸ்ட் கரைதிறன் பெருக்கத்தை வகுத்தார். 1894இல் ஆஸ்ட்வால்ட் எழுதிய நூல் பகுப்பாய்வு வேதியியலையே அயனிகளின் மொழிக்கு மாற்றியது.

வெள்ளி நைட்ரேட்டையும் சோடியம் குளோரைடையும் இன்று எப்படி அணுகுகிறோம்? கலவையில் Ag⁺, NO₃⁻, Na⁺, Cl⁻ என்று நான்கு அயனிகள். புதிதாகச் சேரக்கூடிய இணைகள் இரண்டே. நைட்ரேட்டுகளும் சோடியம் உப்புகளும் கரையும் என்பது விதி. எனவே NaNO₃ படியாது. குளோரைடுகள் பொதுவாகக் கரையும் என்றாலும் வெள்ளி, காரீயம், மெர்குரி(I) ஆகியவற்றின் குளோரைடுகள் விலக்கு. எனவே AgCl படியும். இருபுறமும் மாறாமல் நிற்கும் Na⁺, NO₃⁻ இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது:

Ag⁺(aq) + Cl⁻(aq) → AgCl(s)

வெள்ளி நைட்ரேட்டுடன் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்தாலும் பேரியம் குளோரைடைச் சேர்த்தாலும் இதே சமன்பாடுதான். இதை வெறும் சுருக்கெழுத்தாக நினைப்பது தவறு. இதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை என்பதே அது சொல்லும் செய்தி. மாணவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு: படிந்த AgCl-ஐயும் அயனிகளாகப் பிரித்து எழுதிவிடுவார்கள். அப்படிச் செய்தால் நான்கு அயனிகளும் இருபுறமும் நீங்கி, வினையே இல்லாமல் போய்விடும்.

விதிகளுக்கு எல்லையும் உண்டு. 'கரையாது' என்றால் மிகச் சிறிதே கரையும் என்று பொருள். அந்தச் சிறிதும் உப்புக்கு உப்பு வேறுபடும். 25 °C-இல் AgCl-இன் கரைதிறன் பெருக்கம் சுமார் 1.8 × 10⁻¹⁰. PbCl₂-க்கோ சுமார் 1.7 × 10⁻⁵. லிட்டருக்கு 0.02 மோல் செறிவுள்ள காரீய நைட்ரேட்டையும் அதே செறிவுள்ள சோடியம் குளோரைடையும் சம அளவில் கலப்போம். கலந்ததும் செறிவுகள் பாதியாகி 0.01 ஆகும். அயனிப் பெருக்கம் 0.01 × (0.01)² = 1 × 10⁻⁶. இது 1.7 × 10⁻⁵-ஐ எட்டவில்லை. விதிப்படி காரீயக் குளோரைடு படிய வேண்டும். குழாயிலோ நீர் தெளிவாகவே நிற்கும். கரைசல்களின் செறிவைப் பத்து மடங்காக்கினால் பெருக்கம் 1 × 10⁻³ ஆகி, வெண்ணிற வீழ்படிவு வரும். அதைக் கொதிநீரில் சூடாக்கினால் கரையும்; ஆறினால் ஊசிப் படிகங்களாகத் திரும்பும். வெள்ளிக் குளோரைடு கொதிநீருக்கு அசையாது. ஆனால் அம்மோனியாக் கரைசலில் கரையும்.