இரண்டு எண்களும் ஒரு 300 மில்லிவோல்ட்டும்

எல்டிஓ ரெகுலேட்டரின் டேட்டாஷீட்டைத் திறந்ததும் டிராப்அவுட் வோல்டேஜ், பி.எஸ்.ஆர்.ஆர். என்ற இரண்டு எண்கள் கண்ணில் படும். இரண்டும் நன்றாக இருந்தால் போதும் என்று ஐசியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம். ஆனால் அவை ஒரே நிலையில் அளந்த எண்கள் அல்ல.

டிராப்அவுட் ஓர் எல்லைக்கோடு. வெளியீடு சரியாமல் நிற்க, உள்ளீடு அதைவிடக் குறைந்தது எவ்வளவு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை அது சொல்கிறது. லித்தியம் செல்லிலிருந்து 3.3 வோல்ட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். AMS1117-க்கு முழு லோடில் சுமார் 1.1 வோல்ட் இடைவெளி வேண்டும், அதாவது உள்ளே 4.4 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஆன செல்லே 4.2 வோல்ட்தான். 150 மில்லிவோல்ட் போதும் என்கிற மாஸ்ஃபெட் வகை எல்டிஓவோ, செல் 3.45 வோல்ட்டுக்கு இறங்கும்வரை தாங்கும். அந்த விளிம்பில் உள்ளிருக்கும் மாஸ்ஃபெட் வெறும் மின்தடைபோல நடந்துகொள்கிறது. லோடு பாதியானால் டிராப்அவுட்டும் ஏறத்தாழப் பாதியாகும்.

பி.எஸ்.ஆர்.ஆர். சொல்வது வேறு: உள்ளீட்டில் வரும் ரிப்பிளில் எவ்வளவு வெளியே கசிகிறது என்பது. 60 டெசிபெல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மில்லிவோல்ட் ரிப்பிள் 20 மைக்ரோவோல்ட்டாகும். ஆனால் முதல் பக்கத்து எண் பெரும்பாலும் 1 கிலோஹெர்ட்ஸில், தாராளமான இடைவெளியில் அளந்தது.

இப்போது 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பக் கன்வர்ட்டர் 3.6 வோல்ட் தருகிறது, எல்டிஓ அதை 3.3 ஆக்கி 150 மில்லிஆம்பியரில் ஓர் ஏடிசிக்குக் கொடுக்கிறது என்று கொள்வோம். 300 மில்லிவோல்ட் இடைவெளி டிராப்அவுட் கணக்குக்குத் தாராளம். ரிப்பிள் கணக்குக்கு அப்படியில்லை. அந்த அதிர்வெண்ணில் திருத்தும் சுற்றின் பெருக்கம் குறைந்து, 60 டெசிபெல் 30 ஆகிவிட்டால் 20 மில்லிவோல்ட்டில் 0.6 மில்லிவோல்ட் வெளியே வரும். இடைவெளியும் குறுகியதால் 20 டெசிபெல்தான் மிஞ்சும் என்றால் 2 மில்லிவோல்ட். டிராப்அவுட்டுக்கே போய்விட்டாலோ ரிப்பிள் பெரும்பாலும் அப்படியே கடந்துவிடும். அதில் ஏதாவது குறைந்தால் அது வெளியீட்டு கெப்பாசிட்டரின் வேலை.

பக்கின் வெளியீட்டை 3.9 வோல்ட்டாக்கினால் நிலைமை தேறும். அதற்கு விலை வெப்பம்: எல்டிஓவில் 45 மில்லிவாட் வீணானது 90 ஆகும். செயல்திறனும் 92 சதவீதத்திலிருந்து 85க்கு இறங்கும். எல்டிஓவுக்கு முன்னால் ஃபெரைட் பீடும் கெப்பாசிட்டரும் போடுவது இன்னொரு வழி. ஆனால் 0.3 ஓம் மின்தடையுள்ள பீடு அந்த 300 மில்லிவோல்ட்டில் 45-ஐ எடுத்துக்கொள்ளும்.

ஆகவே பேட்டரியிலிருந்து நேராக ஓடும் சென்சாருக்கு டிராப்அவுட்டை முதலில் பார்க்கலாம். ஏடிசி, ரேடியோ போன்றவற்றுக்கு, பக் ஓடும் அதிர்வெண்ணில் பி.எஸ்.ஆர்.ஆர். இடைவெளியோடு எப்படி மாறுகிறது என்ற வரைபடத்தை முதலில் தேடுவேன். அது இல்லாத ஐசியை உச்ச லோடில் ஆசிலாஸ்கோப்பில் சோதிக்காமல் போர்டில் ஏற்றமாட்டேன். உள்ளீட்டை மெல்ல இறக்கும்போது வெளியீட்டின் டிசி அசையாமல் நிற்க, ரிப்பிள் மட்டும் முன்கூட்டியே வளரத் தொடங்கும். அந்த இடம்தான் அந்தச் சுற்றுக்கான உண்மையான எல்லை.