தரையைத் தேடிய கதை

"ஏண்டா, தரையைக் கண்டுபிடிக்கவா உனக்கு மாசா மாசம் சம்பளம் தர்றாங்க?"

போன வாரம் தொலைபேசியில் அம்மா கேட்ட கேள்வி இது. புனேயில் நான் வேலை பார்க்கும் இடத்தில், பெட்டிகளைச் சுமந்துகொண்டு தானாக நகரும் சின்ன வண்டிகளுக்குக் கண் வைக்கிற வேலை. வண்டி எதன் மீதும் மோதக்கூடாது. அதற்கு முதலில் எது தரை என்று அதற்குத் தெரிய வேண்டும். தரை இல்லாத மற்றதெல்லாம் தடை, அவ்வளவுதான் சங்கதி. இதைச் சொன்னதற்குத்தான் மேற்படி கேள்வி. அம்மாவுக்குச் சிரிப்பு. ஆனால் இந்த ஒரு வரி விஷயத்துக்குப் பின்னால் நாற்பது வருடத்துக்கும் மேலான கதை இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

1979-ல் இருந்து ஆரம்பிப்போம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹான்ஸ் மொராவெக் என்ற ஆராய்ச்சியாளர் 'கார்ட்' என்ற நாலு சக்கர வண்டியை வைத்துப் போராடிக்கொண்டிருந்தார். வண்டியின் மேலே ஒரு டிவி கேமரா. அது ஒரு தண்டவாளத்தில் பக்கவாட்டில் அரை மீட்டர் நகர்ந்து ஒன்பது படங்கள் எடுக்கும். ஒரே பொருள் ஒன்பது படங்களிலும் எவ்வளவு இடம் மாறித் தெரிகிறது என்பதைக் கொண்டு கணினி தூரத்தைக் கணக்குப் போடும். பிறகு வண்டி ஒரு மீட்டர் நகரும். மறுபடி பத்துப் பதினைந்து நிமிடம் யோசிக்கும். நாற்காலிகள் போட்ட 20 மீட்டர் அறையை இப்படி ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் மோதாமல் கடந்தது.

அந்த வண்டி தரையைத் தேடவே இல்லை. தரை சமதளம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டார்கள். தடைகளை அந்தத் தளத்தின் மேல் வரைந்த வட்டங்களாகப் பாவித்து, வட்டங்களுக்கு நடுவே வழி பார்த்தார்கள். ஒரு படத்தில் சில டஜன் புள்ளிகளுக்கு மட்டுமே தூரம் தெரிந்த காலத்தில் வேறு வழியும் இல்லை. எந்த அடையாளமும் இல்லாத வழவழப்பான பொருள் என்றால் அந்த ஒரு புள்ளிகூடக் கிடைக்காது.

இரண்டே வருடத்தில், 1981-ல், பக்கத்து ஊரான மென்லோ பார்க்கில் எஸ்.ஆர்.ஐ. என்ற ஆய்வு நிறுவனத்திலிருந்து மார்ட்டின் ஃபிஷ்லர், ராபர்ட் போல்ஸ் இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுக்கும் தரைக்கும் சம்பந்தமே இல்லை. வானிலிருந்து எடுத்த படத்தில் தெரியும் அடையாளங்களை வைத்து, கேமரா எங்கே இருந்தது என்று கண்டுபிடிப்பது அவர்கள் பிரச்சினை. அடையாளங்களில் சில தப்பாகப் பொருந்திவிடும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் தப்பானவை நல்லதையும் கெடுத்துவிடும். அதனால் வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். எவ்வளவு குறைவான விவரம் போதுமோ அதை மட்டும் குருட்டாம்போக்கில் எடு, ஒரு விடை சொல், மற்றவர்களில் எத்தனை பேர் அதற்குக் கை தூக்குகிறார்கள் என்று எண்ணு. பலமுறை இப்படிச் செய்து, அதிகம் பேர் கை தூக்கிய விடையை எடுத்துக்கொள். இதற்கு 'ரான்சாக்' என்று பெயர். இன்று தரையைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த முறையில்தான் தொடங்குவார்கள்.

ஆனால் கை தூக்க ஆள் வேண்டுமே! சில டஜன் புள்ளிகளை வைத்துக்கொண்டு என்ன வாக்கெடுப்பு நடத்துவது? கூட்டம் வந்து சேர்ந்தது 2010 நவம்பரில்.

அந்த மாதம் மைக்ரோசாஃப்ட் தன் விளையாட்டுப் பெட்டிக்காக 'கினெக்ட்' என்ற சாதனத்தை 150 டாலருக்கு விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது இஸ்ரேலின் ப்ரைம்சென்ஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஆயிரக்கணக்கான பொட்டுகளை எதிரே தெளிக்கும். ஏழரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு கேமரா, அந்தப் பொட்டுகள் எவ்வளவு இடம் மாறி விழுகின்றன என்று பார்த்துத் தூரம் சொல்லும். வழவழப்பான சுவரிலும் பொட்டை நாமே தெளிப்பதால் மொராவெக்கின் பழைய தலைவலி பெருமளவு தீர்ந்தது. வினாடிக்கு 30 முறை, 640க்கு 480 கட்டங்கள் கொண்ட தூரப் படம்! ஒரு படத்தில் மூன்று லட்சம் புள்ளிகள்! அடாஃப்ரூட் என்ற சின்ன நிறுவனம், இதைக் கணினியில் இயக்கத் திறந்த மென்பொருள் எழுதுபவருக்குப் பரிசு அறிவித்தது. ஹெக்டர் மார்ட்டின் என்ற ஸ்பெயின் இளைஞர், ஐரோப்பாவில் விற்பனை தொடங்கிய நவம்பர் 10 அன்றே எழுதி முடித்தார். அடுத்த வருடமே வில்லோ கராஜ் நிறுவனம், வீடு பெருக்கும் ரோபோவின் அடிப்பாகத்தில் கினெக்டைப் பூட்டி 'டர்ட்டில்பாட்' என்று கொண்டுவந்தது.

சரி, தூரப் படம் எப்படிப் புள்ளி மேகம் ஆகிறது? கணக்கு எளிது. அந்தக் காலத்து மென்பொருள் கினெக்டுக்கு வழக்கமாக வைத்துக்கொண்ட எண்களையே எடுத்துக்கொள்வோம்: குவியத் தூரம் 525, படத்தின் நடு 319.5, 239.5. கேமரா தரையிலிருந்து 35 செ.மீ. உயரத்தில் நேராகப் பார்க்கிறது. படத்தில் 425-வது நெடுவரிசை, 393-வது கிடைவரிசையில் தூரம் 1.2 மீட்டர் என்று வருகிறது.

```
X = (425 - 319.5) * 1.2 / 525 = 0.241
Y = (393 - 239.5) * 1.2 / 525 = 0.351
Z = 1.2
```

அதாவது அந்தப் புள்ளி கேமராவுக்கு வலப்பக்கம் 24 செ.மீ., கீழே 35 செ.மீ., முன்னால் 1.2 மீட்டர். கேமரா உயரமே 35 செ.மீ. என்பதால் இது தரைப் புள்ளி. இதே கணக்கை மூன்று லட்சம் தடவை போட்டால் புள்ளி மேகம் தயார்.

அப்படியானால் 35 செ.மீ. கீழே இருப்பதெல்லாம் தரை, 2 செ.மீ.க்கு மேல் எழும்பி இருப்பதெல்லாம் தடை என்று எழுதிவிட்டால் போயிற்றே, ரான்சாக் எதற்கு? இங்கேதான் வினை. வண்டி பிரேக் போட்டால் முன்பக்கம் குனிகிறது. ஒரே ஒரு டிகிரி குனிந்தது என்று வையுங்கள். 3 மீட்டர் தள்ளி இருக்கும் தரை 5 செ.மீ. எழும்பினாற்போல் தெரியும். 2 செ.மீ. எல்லையை 1.15 மீட்டரிலேயே தாண்டிவிடும். விளைவு, வண்டிக்கு முன்னால் இல்லாத ஒரு சுவர். மாறாக முன்பக்கம் ஒரு டிகிரி தூக்கினால் இன்னும் மோசம். தரை இறங்கினாற்போல் தெரிவதால், 3 மீட்டரில் கிடக்கும் 5 செ.மீ. செருப்பு தரையோடு தரையாகிக் காணாமல் போகும்.

பொய்ச் சுவரை அடையாளம் காண ஒரு வழி உண்டு. நிஜத் தடை, வண்டி நகர நகரக் கிட்டே வரும். இது வராது. கானல் நீர் மாதிரி எப்போதும் அதே 1.15 மீட்டர் தள்ளியே நிற்கும். அப்படி நின்றால் கேமராவின் சாய்வைச் சந்தேகப்படுங்கள்.

டர்ட்டில்பாட் முதலில் இந்தத் தொல்லைக்கே போகவில்லை. புள்ளிகளில் கிடைமட்டமாக ஒரு பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்கள். தரை பார்வையிலேயே வராது, பிரச்சினையும் வராது. ஆனால் பட்டைக்குக் கீழே கிடக்கும் செருப்பும் வராதே! தாழ்வான தடையைப் பார்க்க வேண்டுமென்றால் தரையை ஒவ்வொரு படத்திலும் புதிதாகக் கண்டுபிடித்துத்தான் ஆகவேண்டும்.

அதற்கு ஃபிஷ்லரும் போல்ஸும் சொன்ன வாக்கெடுப்பு. மூன்று புள்ளிகள் போதும், ஒரு தளம் கிடைத்துவிடும். மேகத்தில் 30 சதவீதம் தரை என்றால், எடுத்த மூன்றும் தரையாக அமைய 2.7 சதவீத வாய்ப்பு. 170 முறை எடுத்தால் ஒரு தடவையாவது அமைந்திருக்க 99 சதவீத உறுதி. மூன்று லட்சம் புள்ளிகளை முதலில் சில ஆயிரமாகக் குறைத்துக்கொண்டால் இது கணினிக்கு ஒரு வேலையே இல்லை.

ஆனால் வாக்கெடுப்பில் ஜெயிப்பது பெரும்பான்மைதான், தரை அல்ல. சுவருக்கு நேராக நின்றால் சுவர்தான் ஜெயிக்கும். ஆகவே வேட்பாளருக்குத் தகுதி வைக்க வேண்டும். 2011-ல் வெளிவந்த பாயின்ட் கிளவுட் லைப்ரரியில் இப்படி எழுதுவோம்:

```
seg.setModelType(pcl::SACMODEL_PERPENDICULAR_PLANE);
seg.setMethodType(pcl::SAC_RANSAC);
seg.setAxis(Eigen::Vector3f(0, 1, 0));
seg.setEpsAngle(10.0 * M_PI / 180.0);
seg.setDistanceThreshold(0.02);
```

கேமராவின் செங்குத்து அச்சுக்கு நேர்குறுக்காக, 10 டிகிரிக்குள் சாய்ந்த தளங்கள் மட்டும் போட்டியிடலாம் என்று அர்த்தம். சுவர் வெளியேறிவிடும். மேசைப் பலகை வெளியேறாது, அதுவும் கிடைமட்டம்தானே! கேமரா உயரத்தில் இருந்தால் இந்தத் தொல்லை வரும். அதற்கு, கிடைத்த தளம் கேமராவிலிருந்து நாம் எதிர்பார்த்த ஆழத்தில்தான் இருக்கிறதா என்று ஒரு சோதனை போதும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு ஆபத்து பாக்கி. இதுதான் நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது. கீழே இறங்கும் மாடிப்படியை நினைத்துப் பாருங்கள். தளத்துக்கு மேலே ஒரு புள்ளிகூட இல்லை. தடை ஏதும் இல்லை, போகலாம் என்று மென்பொருள் சொல்லும். பெட்டி சுமக்கும் வண்டி விழுந்தால் பெட்டி உடையும். இதே கணக்கைப் பார்வையற்றவர் கையில் இருக்கும் கருவியில் வைத்தால் விழுவது மனிதர்.

ஆகவே கேள்வியை மாற்ற வேண்டும். தடை தெரிகிறதா என்று கேட்கக்கூடாது, தரை தெரிகிறதா என்று கேட்க வேண்டும். எந்த இடத்தில் தரைப் புள்ளிகள் கண்ணால் கண்டபடி கிடைக்கின்றனவோ அந்த இடத்தில் மட்டும் கால் வைக்கலாம். புள்ளியே இல்லாத இடம் காலி இடம் அல்ல, தெரியாத இடம்.

இந்த விதி வண்டியைச் சில சமயம் பயந்தாங்கொள்ளி ஆக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் போடுகிற பளபளக்கும் கிரானைட், டைல்ஸ் தரையில் சாய்வாக விழும் பொட்டுகள் திரும்பி வராமல் அப்பால் போய்விடும். அல்லது சுவரின் பிம்பம் தெரிந்து, தரைக்குக் கீழே புள்ளிகள் இருப்பதாகக் காட்டும். ஜன்னல் வழியே வெயில் அடித்தால் அகச்சிவப்புப் பொட்டுகள் அதில் மூழ்கிவிடும். மூன்றுமே படத்தில் பள்ளம் போலவோ ஓட்டை போலவோதான் தெரியும். படிக்கட்டும் அப்படித்தான் தெரியும். கேமராவை மட்டும் வைத்து இரண்டையும் நிச்சயமாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் வண்டியின் வயிற்றில், நேர் கீழே பார்த்தபடி தனியாகச் சில உணரிகள் வைக்கிறோம். டர்ட்டில்பாட்டின் அடிப்பாகத்திலும் அப்படி நான்கு இருந்தன. கேமரா சந்தேகப்பட்டு வேகத்தைக் குறைக்கும், விளிம்புக்கு வந்ததும் வயிற்று உணரி தீர்ப்புச் சொல்லும்.

வீட்டில் ரோபோ துடைப்பான் வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பிப் போட்டு ஓரங்களைப் பாருங்கள். அந்தச் சின்னக் கண்ணாடிச் சன்னல்களில் தூசி படிந்திருந்தால் துணியால் துடைத்துவிடுங்கள். மாடிப்படி உள்ள வீடு என்றால் அவசியம் செய்யுங்கள்.